கிட்டு என்று கூப்பிடுங்கள்

வணக்கம், நேயர்களே. பேசும் பறவைக்குப் பெயர் வைப்பதைப் பற்றி இன்று பேசலாம். நமக்குப் பிடித்த பெயர் ஒன்று, அந்தப் பறவை திருப்பிச் சொல்லக்கூடிய பெயர் இன்னொன்று. இரண்டும் ஒன்றாக அமைய வேண்டுமானால், பெயரை வாங்கிக்கொள்ளும் தொண்டை எப்படிப்பட்டது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெங்களூரில் நம் வீடுகளில் கூண்டில் இருப்பது பெரும்பாலும் பட்ஜி என்ற சின்னக் கிளி. கடையில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று சொல்லித்தான் விற்பார்கள். உண்மையான லவ் பேர்டு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு பறவை. அது பேசுவது மிக அரிது. பட்ஜி ஆஸ்திரேலியப் பறவை, நன்றாகப் பேசும். கப்பன் பூங்காவில் கத்திக்கொண்டு பறக்கிறதே பச்சைக்கிளி, அதையும் மைனாவையும் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மனிதக் குரலை அச்சாகச் சொல்லும் மலை மைனாவுக்கும் இதே நிலைதான். அதனால் இன்று பட்ஜியையே எடுத்துக்கொள்கிறேன்.

பறவைக்கு நம்மைப் போலக் குரல்வளையில் குரல் பிறப்பதில்லை. மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒலிப்பை என்று ஓர் உறுப்பு இருக்கிறது. குரல் அங்கேதான் பிறக்கிறது. பறவைக்கு உதடு கிடையாது. நாம் உதட்டை மூடித் திறந்து சொல்கிற ‘ப’வையும் ‘ம’வையும் அது வேறு வழியில்தான் ஒப்பேற்ற வேண்டும். அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் முப்பது ஆண்டுகள் பயிற்றுவித்தார். ‘ஸ்பூல்’ என்ற சொல்லை அந்தக் கிளி வெகுகாலம் ‘ஸ்’ என்று சொல்லி, சற்று நிறுத்தி, பிறகு ‘வூல்’ என்றுதான் சொல்லிவந்தது. நடுவில் வரும் ‘ப்’ வருவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அது பேச்சில் தேர்ந்த பெரிய கிளி.

பட்ஜிக்கு உடம்பு சிறியது, குரல் மெல்லியது. உச்சத்தில் ஒரு கீச்சொலியை வைத்துக்கொண்டு, அதன் வலிமையை ஏற்றி இறக்கித்தான் அது நம் பேச்சைப் போலச் செய்கிறது. எனவே சொல்லின் வெட்டும் தாளமும்தான் அதற்கு நன்றாகப் பிடிபடும். யாழினி என்று ஒரு பெயர். நம் காதுக்கு எவ்வளவு இனிமை! ஆனால் ய, ழ, ன மூன்றும் வெடிப்பில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் ஒலிகள். பட்ஜியின் தொண்டையில் அவை கரைந்து, ‘ஆ-இ-இ’ என்ற ஒரு நீட்டல் மட்டும் மிஞ்சும். சொல்லுக்கு எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்பதே தெரியாது.

இதற்கு வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. கிருஷ்ணமூர்த்தியைப் பாட்டி என்னவென்று கூப்பிட்டாள்? கிட்டு. சுப்பிரமணியன் சுப்பு ஆனான், லட்சுமி லச்சு ஆனாள். செல்லப் பெயரில் நாம் கூட்டெழுத்தைக் களைகிறோம், வல்லினத்தை இரட்டிக்கிறோம், இரண்டு அசையோடு நிறுத்திக்கொள்கிறோம். பறவைக்கு வேண்டியதும் அதுதான். ‘ட்ட’ என்று இரட்டிக்கும்போது நடுவில் ஒரு நொடிப்பொழுது மௌனம், பிறகு ஒரு வெடிப்பு. அந்த வெட்டு பட்ஜிக்குத் தெளிவாகக் கேட்கும். சுப்புவில் உதட்டொலி இருப்பதால் கொஞ்சம் சிரமம். கிட்டு, சிட்டு, டிக்கி, சிக்கு போன்றவை எளிது.

ஆனால் கிட்டுவிலும் ஒரு குறை இருக்கிறது. கடைசி உகரம் குற்றியலுகரம். வேகமாகப் பேசும்போது அது குறுகி, ‘கிட்ட்’ என்று விழுங்கப்பட்டுவிடலாம். பறவையும் அப்படியே விழுங்கும். அதனால் பேசும்போது சொல்வதைப் போலச் சொல்லாமல், தெருவில் பிள்ளையை அழைப்பதுபோல் விளியாகச் சொல்லுங்கள்: கிட்டூ! ‘கிட்’ தாழ்ந்து குறுகட்டும், ‘டூ’ மேலேறி நீளட்டும். மொத்தம் ஒரு நொடிக்குள் முடியட்டும். இரண்டு மூன்று நொடி விட்டு மறுபடியும் அதே மெட்டில்.

இங்கேதான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. அம்மா ‘கிட்டுவுக்குத் தினை வெச்சாச்சா’ என்கிறார். பையன் ‘கிட்டுப் பயலே’ என்கிறான். வேலைக்கு வரும் அக்கா கன்னடத்தில் ‘கிட்டு பாரோ’ என்கிறார். வேற்றுமை உருபு, பட்டப்பெயர், இன்னொரு மொழியின் வினை எல்லாம் ஒட்டிக்கொண்டு, ஒரே பெயர் பறவைக்கு நாலு பெயராகிவிடுகிறது. இதற்கிடையில் சமையலறையில் குக்கர் விசில் அடிக்கிறது. தினமும் அதே சுருதி, அதே நீளம். ஒரு மாதம் கழித்துப் பட்ஜி விசிலைத்தான் அடிக்கும். குக்கரைப் போல நீங்களும் மாறாமல் இருந்தால்தான் உங்கள் சொல்லுக்கு இடம் கிடைக்கும். பறவையோடு பேசும்போது யாராக இருந்தாலும் வெறும் ‘கிட்டூ’ மட்டும், ஒரே மெட்டில்.

பெயரைச் சொல்லித் திட்டவும் கூடாது. ‘கிட்டு, ச்சீ!’ என்று ஒருமுறை உரக்கக் கத்தினால், அந்த ‘ச்சீ’தான் முதலில் வந்து சேரும். படபடப்போடு சொல்லும் சொல் பறவைக்குச் சட்டென்று பதியும்.

ஆறிலிருந்து எட்டு வார வயதில் வாங்கி, கைக்குப் பழகியதும் தொடங்குங்கள். ஆண் பட்ஜி பெண்ணைவிட எளிதாகப் பேசும். வளர்ந்த ஆணுக்கு மூக்கின் மேல் உள்ள தோல் நீலமாக இருக்கும், பெண்ணுக்குப் பழுப்பாக. வெள்ளை, மஞ்சள் நிறப் பறவைகளில் இந்த அடையாளம் ஏமாற்றும். பேச வைக்க ஒற்றைப் பறவைதான் நல்லது, ஏனென்றால் இரண்டு இருந்தால் அவை தங்களுக்குள் பேசிக்கொண்டு போய்விடும். ஒற்றையாக வைத்தால் நீங்கள்தான் அதற்குக் கூட்டம். தினமும் போதிய நேரம் தர முடியாதவர்கள் இரண்டாக வாங்கி, பேச்சை மறந்துவிடுங்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், டி.வி.யை அணைத்துவிட்டு, முகத்துக்கு அருகே வைத்துச் சொல்லுங்கள். பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் உயர்ந்து ஒலிப்பதால் பட்ஜிக்கு வசதி.

பெயர் என்பது கிளி இனத்துக்குப் புதிதும் அல்ல. வெனிசுவேலாவின் ஒரு சின்னக் கிளி இனத்தில் ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்தனி அழைப்பொலி இருப்பதையும், அதைப் பெற்றோரிடமிருந்தே கற்பதையும் 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. பட்ஜிகளும் ஒன்றாக இருக்கும்போது ஒன்றின் அழைப்பொலியை மற்றொன்று பிடித்துக்கொள்ளும். நீங்கள் அறைக்குள் நுழையும்போது ‘கிட்டூ’ என்று அழைத்தால், அது அந்த இடத்தில் வந்து பொருந்துகிறது. தட்டில் தீனி வைக்கும்போது மட்டும் சொன்னால் பொருந்தாது.

சில வாரங்கள் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். பிறகு மத்தியானம், வீடு அடங்கிய நேரத்தில், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சன்னமாக முணுமுணுக்கத் தொடங்கும். அதற்குள் நீங்கள் சொல்லிக்கொடுத்த பெயர் வந்துவிட்டதா என்று காதால் மட்டும் கேட்டால் தெரியாது, ஏனென்றால் பட்ஜி நம்மைவிட மிக வேகமாகச் சொல்லும். போனைக் கூண்டருகே வைத்து ஐந்து நிமிடம் பதிவு செய்து, பாதி வேகத்தில் ஓட்டிக் கேளுங்கள். கீச்சுக்கீச்சு என்று இருந்ததன் நடுவே ஒரு குட்டி மௌனமும், அதைத் தொடர்ந்து மேலேறும் ‘டூ’வும் கேட்டால், கிட்டு தன் பெயரைப் பழகிக்கொண்டிருக்கிறான். மௌனம் இல்லாமல் ‘இஊ’ என்று மட்டும் வந்தால், நீங்கள் ‘ட்ட’வை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.