வரிசையை மாற்றினால் போதுமா? ஒரு நினைவாற்றல் சோதனையைத் திட்டமிடுவோம்

[திரை: சொற்கள் ஒவ்வொன்றாகத் தோன்றி மறைகின்றன]

20 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 5 விநாடி. ஒப்பிடப்போவது இரண்டு மனப்பாட முறைகளை. சொல்லை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று, அதை உச்சரிப்பு என்போம். அதையே காட்சியாகக் கற்பனை செய்வது இன்னொன்று. பட்டியல் முடிந்ததும் 30 விநாடி மும்மூன்றாகக் குறைத்து எண்ணச் சொல்கிறோம். இல்லாவிட்டால் கடைசிச் சில சொற்கள் நாக்கு நுனியிலேயே இருக்கும். பிறகு 3 நிமிடத்தில் நினைவுக்கு வந்ததை எழுத வேண்டும்.

இரண்டு முறைக்கும் தனித்தனி ஆட்களை எடுத்தால் அது பிட்வீன்-சப்ஜெக்ட்ஸ். ஒரே ஆட்கள் இரண்டையும் செய்தால் வித்தின்-சப்ஜெக்ட்ஸ்.

[திரை: 128 | 34]

நடுத்தர அளவு வித்தியாசத்தை, அதாவது திட்ட விலக்கத்தில் பாதியளவான d = 0.5 என்பதை, 80% வாய்ப்போடு கண்டுபிடிக்கத் தனித்தனி ஆட்கள் என்றால் குழுவுக்கு 64 பேர், மொத்தம் 128 பேர் வேண்டும். ஒரே ஆட்கள் என்றால், அவர்களுடைய இரண்டு மதிப்பெண்களுக்கும் இடையே 0.5 ஒட்டுறவு இருக்கும்பட்சத்தில், 34 பேர் போதும். ஒருவரை அவரோடேயே ஒப்பிடுவதால், ஆளுக்கு ஆள் மாறும் ஞாபகசக்தி கணக்கைக் குழப்புவதில்லை.

ஆனால் இரண்டாவது பட்டியலுக்கு வரும்போது அவர் பழைய ஆள் இல்லை. பழகியிருப்பார், களைத்திருப்பார். நினைவாற்றல் சோதனைக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு: முந்தைய பட்டியல் அடுத்ததைக் கெடுக்கும். ஒரே ஒரு பட்டியல் படித்தவர்கள் ஒரு நாளில் சுமார் கால்வாசிதான் மறக்கிறார்கள், முன்பே பல பட்டியல்கள் படித்தவர்கள் முக்கால்வாசி மறக்கிறார்கள் என்று 1957இல் உளவியலாளர் அண்டர்வுட் காட்டினார்.

அதற்குத்தான் கவுன்டர்பேலன்சிங். பாதிப் பேருக்கு உச்சரிப்பு முதலில், மீதிப் பேருக்குக் கற்பனை முதலில். பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். 'யானை', 'குடை' எல்லாம் ஒரு பட்டியலிலும், 'நேர்மை', 'காரணம்' எல்லாம் மற்றதிலும் விழுந்தால் நாம் அளப்பது முறையையா, சொற்களையா? ஆகவே பட்டியல்களையும் மாற்ற வேண்டும். இரண்டு வரிசை, இரண்டு பட்டியல், மொத்தம் நான்கு குழுக்கள். 34 நான்கால் வகுபடாது. 36 பேரை எடுத்துக் குழுவுக்கு 9 பேராகக் குலுக்கிப் பிரிக்கலாம்.

[திரை: உதாரண எண்கள்]

இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம். உச்சரிப்பை முதலில் செய்தவர்கள் அதில் 8 சொற்கள், பிறகு கற்பனையில் 13. கற்பனையை முதலில் செய்தவர்கள் அதில் 12, பிறகு உச்சரிப்பில் 11. இரண்டாவதாக வந்ததால் கற்பனைக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஒரு சொல், உச்சரிப்புக்கோ மூன்று. ஏன்? காட்சியாக நினைக்கப் பழகிய மனம், 'இனி வெறுமனே உச்சரியுங்கள்' என்று சொன்னாலும் அந்த உத்தியை விடுவதில்லை. இது இரு பக்கமும் சமமாகப் போகாத தாக்கம். வரிசையை மாற்றுவது சமமான தாக்கத்தை மட்டுமே ஈடுகட்டும். சராசரியில் வித்தியாசம் 3 ஆகச் சுருங்கிவிட்டது. முதல் சுற்றை மட்டும் பார்த்தால் 4.

அதனால் முதல் சுற்று மதிப்பெண்களை எப்போதும் தனியே ஒப்பிட்டுப் பாருங்கள். முடிவில், 'உச்சரிப்பின்போது மனதில் காட்சி ஏதாவது வந்ததா?' என்றும் கேளுங்கள். சொல்லின் நீளம், எழுத்தின் அளவு போன்றவற்றை ஒப்பிட ஒரே ஆட்கள் தாராளமாகப் போதும். ஆனால் கற்றுக்கொண்டால் மறக்க முடியாத உத்தியைச் சோதிக்கும் இந்தச் சோதனைக்கு, செலவானாலும் அந்த 128 பேரைத் தேடுவதே சரி.