ஏட்டுச் சுரைக்காயும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

(காங்கயம் பக்கம் நடந்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அம்மா அவர்களே, காலையில் வெளிநோயாளிகளைப் பார்த்து முடித்த கையோடு சாப்பிடக்கூட நேரமில்லாமல் வந்து அமர்ந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அம்மா அவர்களே, தலைமை ஆசிரியப் பெருமக்களே, பந்தலும் நாற்காலியும் கொடுத்து உதவிய ரைஸ் மில் ஐயா அவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிற தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். அரைநாள் கூலியை இழந்து தாய்மார்கள் வந்திருக்கிறார்கள். நான் பேசப் போவதே அந்த அரைநாள் கூலியைப் பற்றித்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளிப் பிள்ளைகளின் கண், காது, சத்துக்குறைவு என்று மூன்றைப் பற்றியும் பேசச் சொல்லி அழைத்தார்கள். கண்ணில் தொடங்குகிறேன்.

ஆர்.பி.எஸ்.கே. என்று நாம் சொல்கிற திட்டம் 2013-ல் வந்தது. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் என்று ஒரு குழு வண்டியில் வந்து பள்ளிக்கூடத்தில் வருடத்துக்கு ஒரு தடவையும், அங்கன்வாடியில் இரண்டு தடவையும் பிள்ளைகளைப் பார்க்கிறது. நல்ல திட்டம். சந்தேகமே வேண்டாம். குறை கண்ட பிள்ளைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, பதிவேட்டில் 'பரிந்துரை செய்யப்பட்டது' என்று எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போனதா என்று கேட்க, நான் பார்த்த பதிவேடுகளில் ஒரு கட்டம்கூட இல்லை. எங்கள் அப்பாரு சொல்வார், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று. அதைத்தான் இன்று திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

வெள்ளக்கோவில் பக்கம் ஒரு கிராமம். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. வாத்தியார் சுவரில் பார்வை அட்டை மாட்டி, இருபது அடி அளந்து கோடு போட்டு, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார். எல்லாம் முறைப்படிதான். இந்த அம்மிணி இரண்டு கண்ணிலும் கடைசி வரி வரை கடகடவென்று படித்துவிட்டது. வாத்தியார் டிக் போட்டுவிட்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வலது கண்ணை மூடச் சொன்னதும் உள்ளங்கையைக் குழித்து மூடியது, தலை கொஞ்சம் திரும்பியது, விரல் இடுக்கு வழியே நல்ல கண் பார்த்துக்கொண்டிருந்தது. அதோடு, முன்னால் நின்ற பதினைந்து பிள்ளைகள் படித்ததைக் கேட்டுக் கேட்டு அட்டையே மனப்பாடம் ஆகியிருந்தது. பிள்ளையைத் தப்புச் சொல்ல முடியாது. பெயில் ஆகிவிடுவோமோ என்ற பயம் அதற்கு.

நோட்டு அட்டையால் வலது கண்ணை முழுக்க மறைத்து, எழுத்து அட்டையை எடுத்துவிட்டு ஆங்கில 'E' வடிவ அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். இடது கண்ணில் மேல் வரியைத் தாண்டவில்லை. 6/60. மற்றவர்களுக்கு அறுபது மீட்டரில் தெரிவது இந்தப் பிள்ளைக்கு ஆறு மீட்டரில்தான் தெரிகிறது. வலது கண் நன்றாக இருந்ததால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, பிள்ளைக்கே தெரியவில்லை. சீட்டு எழுதிக் கொடுத்தேன். ஜாமென்ட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டது.

அடுத்த வருடம் அதே பள்ளி. அதே பெயர், அதே 6/60, பதிவேட்டில் அதே 'பரிந்துரை செய்யப்பட்டது'. எனக்கு ஆறவில்லை. சாயங்காலம் வீட்டுக்கே போனேன். அப்பா தறி ஓட்டப் போயிருந்தார். அம்மா அப்போதுதான் கம்பெனி பஸ்ஸில் திருப்பூரிலிருந்து வந்து இறங்கியிருந்தது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பிள்ளை கண்ணைப் பற்றிக் கவலையில்லையா என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க சார், போகாம இருப்பமுங்களா? லீவு போட்டு ஒருக்கா போனமுங்க. சொட்டு மருந்து உட்டு உக்கார வெச்சாங்க. அப்பறம் பாத்துட்டு இன்னொரு நாளு வாங்கன்னுட்டாங்க. புள்ளைக்கு ரெண்டு நாளா புஸ்தகத்துல எழுத்தே தெரியலீங்க. இருந்த கண்ணும் போயிருமோன்னு பயந்துட்டமுங்க. மறுக்கா லீவு கேட்டா சூப்பர்வைசர் கணக்கை முடிச்சுக்கங்கறாரு."

இதைக் கேட்டதும் எனக்குத் தலை குனிந்துவிட்டது. பிள்ளைகளின் கண் உள்ளே இருக்கும் தசையை இறுக்கி, குறையை மறைத்துவிடும். அதனால் சொட்டு மருந்து விட்டுத் தசையைத் தளர வைத்துத்தான் பவரை அளக்கிறோம். மருந்து தெளியும்வரை கிட்டத்து எழுத்து மங்கும், வெயில் கூசும். தெளிந்தபின் இன்னொரு நாள் வரச் சொல்லி, கண்ணாடி மாட்டிப் பார்த்துத்தான் சீட்டு கொடுப்பார்கள். மிகச் சின்னப் பிள்ளைக்கு வேறு மருந்து, இடைவெளி இன்னும் அதிகம். ஆக இரண்டு நாள் போக வேண்டும், கண்ணாடி வாங்க மூன்றாவது நாள். இதை ஒரு வார்த்தை சீட்டில் எழுதியிருந்தால் அந்தத் தாய் பயந்திருக்காது. நான் எழுதவில்லை. சீட்டில் 'மேல் சிகிச்சைக்கு' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். என் கையால் எழுதின ஏட்டுச் சுரைக்காய் அது.

அப்புறம் நானே கூடப் போய் முடித்தோம். கண்ணாடி வந்தது, நல்ல கண்ணைத் தினம் சில மணி நேரம் ஒட்டி மூடி, சோம்பிப்போன கண்ணுக்கு வேலை கொடுத்தோம். 6/60 என்பது 6/24 வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. சோம்பல் கண்ணுக்கு ஏழெட்டு வயதுக்குள் வைத்தியம் தொடங்கினால்தான் பலன் அதிகம். இந்தப் பிள்ளைக்கு அப்போதே பத்து நடந்துகொண்டிருந்தது. வீணாய்ப் போன அந்த ஒரு வருடத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லித் திரும்பாத பிள்ளைகளில் சிலருக்குக் காதில் அழுக்கு அடைத்திருக்கும், சிலருக்குச் சளி பிடித்து உள்ளே நீர் கோத்திருக்கும். அடைப்பை எடுத்தபின் மறுபடி கேட்டுப் பார்த்தால்தான் உண்மையான குறை தெரியும். அங்கேயும் இரண்டாவது நாள் வேண்டும். இரத்தசோகையும் அப்படித்தான். மாத்திரை கொடுத்துவிட்டு, இரத்தம் ஏறியதா என்று திரும்பப் பார்க்காவிட்டால் கொடுத்ததற்கு அர்த்தமில்லை. சத்துணவைப் பற்றி மருத்துவர் அம்மா என்னைவிட நன்றாகச் சொல்வார்கள், நான் என் கோரிக்கைக்கு வந்துவிடுகிறேன்.

மூன்று வருடமாக நான் மனு கொடுத்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுக்குத்தான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த மறுபரிசோதனை நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்க வேண்டும். திருப்பூர் கம்பெனிகளில் பெரும்பாலும் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம், ஞாயிறு லீவு. தாயும் தகப்பனும் வீட்டில் இருக்கிற நாள் அது ஒன்றுதான். கூலி போகாது, பஸ் செலவும் இல்லை. முதல் ஞாயிறு சொட்டு மருந்து, அடுத்த மாத ஞாயிறு கண்ணாடி போட்டுப் பார்ப்பது. பதிவேட்டில் 'போனாரா', 'கண்ணாடி போட்டிருக்கிறாரா' என்று இரண்டு கட்டம் கூடுதலாகப் போடுங்கள். வராத பிள்ளையின் அம்மாவுக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குமேல் போன் செய்யுங்கள். பகலில் செய்தால் எடுக்க மாட்டார்கள், தறிச் சத்தத்தில் கேட்காது. இது இல்லாமல் எத்தனை முகாம் நடத்தினாலும் ஏட்டுச் சுரைக்காய்தான், கறிக்கு உதவாது.

இடம் இல்லை என்று போன வருடம் பதில் வந்தது. பார்வை பார்க்க வேண்டியது இருபது அடி. நம் சுகாதார நிலையத்து வராண்டாவைப் போன வாரம் டேப் வைத்து அளந்தேன். மருத்துவர் அம்மாவின் அறை வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை இருபத்து மூன்று அடி இருக்கிறது.