புட்டியின் படத்தில் இல்லாத தேதி

வணக்கம் நேயர்களே. கண் மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். இப்போதெல்லாம் மருந்துச் சீட்டைவிட வாட்ஸ்அப்பில் வரும் படங்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஊரில் இருக்கும் அம்மா ஒரு கண் சொட்டு மருந்துப் புட்டியைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்புவார். மகள் அதை எனக்குத் தள்ளிவிட்டு, "அக்கா, இதை அம்மா கண்ணில் விடலாமா?" என்று கேட்பார். அந்தப் படத்தில் எதைப் பார்க்க வேண்டும், அதில் இல்லாத எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

வருகிற படங்களில் பெரும்பாலும் புட்டியின் முன்பக்கம்தான் இருக்கும். அதில் மருந்தின் பெயர் தெரியும், தேதி தெரியாது. தேதி பக்கவாட்டில், மிகச் சின்ன எழுத்தில் இருக்கும். அதன் அருகிலேயே தொகுதி எண், உரிம எண், விலை என்று இன்னும் பல எண்கள். தொகுதி எண்ணைத் தேதி என்று நினைத்துப் படிப்பவர்கள் நிறையப் பேர். ஈ, எக்ஸ், பி என்ற மூன்று ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் காலாவதி தேதி. எம், எஃப், ஜி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருப்பது தயாரித்த தேதி. இரண்டும் ஒரே படத்தில் விழ வேண்டும், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

புட்டி வளைவாக இருப்பதால் ஃபிளாஷ் போட்டால் சரியாக எண்களின் மேலேயே வெளிச்சம் அடித்து வெள்ளையாகிவிடும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய், வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்படி புட்டியைப் பிடியுங்கள். போனை ரொம்பக் கிட்டே கொண்டுபோனால் எழுத்து கலங்கிவிடும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து எடுத்தால் போதும், பார்ப்பவர் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்வார். கண்ணுக்கான களிம்புக் குழாயில் தேதியை மை இல்லாமல், அடிமடிப்பில் அழுத்தி மட்டும் பதித்திருப்பார்கள். அதற்குப் பக்கவாட்டு வெளிச்சம் இல்லாமல் முடியவே முடியாது. பார்வை மங்கலானவர்கள், ஒரு படம் சரியாக வரவில்லை என்றால் புட்டியை மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பலாம். எனக்கு அது படத்தைவிட உதவியாக இருக்கிறது.

அண்மையில் வந்த ஒரு படத்தைச் சொல்கிறேன். பத்து மில்லி புட்டி. கண் வறட்சிக்குக் கொடுக்கும் செயற்கைக் கண்ணீர், கார்பாக்சிமெதில்செல்லுலோஸ் 0.5 சதவீதம். தயாரித்த தேதி 06/24 என்று தெளிவாகத் தெரிந்தது. காலாவதி 05/26-ஆ, 05/28-ஆ என்று தெரியவில்லை. கடைசி எண்ணின் மேல்பாதி தேய்ந்திருந்தது. இந்த இடத்தில்தான் தயாரித்த தேதி கைகொடுக்கும். 2024 ஜூனிலிருந்து 2026 மே வரை என்றால் சரியாக இரண்டு வருடம். இந்த மாதிரி மருந்துகளுக்கு அது வழக்கமான ஆயுள். நான்கு வருடம் வழக்கமில்லை. அதனால் 26 என்றே எடுத்துக்கொண்டேன். மாதமும் வருடமும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று கணக்கு, அதாவது 2026 மே 31. ஆனால் இரண்டு தேதியுமே தெரியாத அளவுக்குத் தேய்ந்திருந்தால் ஊகிக்கவே கூடாது. அந்தப் புட்டி வேண்டாம், அவ்வளவுதான்.

படம் வந்தது நவம்பர் மாதம். காலாவதிக்கு இன்னும் மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. "அப்போ விடலாம்தானே அக்கா?" என்றார் மகள்.

இல்லை. அந்தத் தேதி மூடி திறக்காத, சொன்னபடி பத்திரமாக வைத்த புட்டிக்கு உரியது. திறந்த அன்றிலிருந்து வேறு கணக்கு தொடங்குகிறது. நம் நாட்டின் மருந்து விதிகளில் கண் மருந்துகளுக்கென்றே ஒரு தனி அட்டவணை இருக்கிறது. அதன்படி, திறந்த பிறகு ஒரு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற வரியைச் சொட்டு மருந்தின் லேபிளில் அச்சிட வேண்டும். அதே படத்தில், பெரிதாக்கிப் பார்த்தபோது, அந்த வரி இருந்தது. ஆனால் எந்த நாளில் திறந்தார்கள் என்பதை எந்தக் கம்பெனியும் அச்சிட முடியாது. அது அம்மாவுக்கு மட்டும் தெரிந்த தேதி.

அம்மாவைக் கேட்டால், "போன மாசம்னு நினைக்கிறேன்மா" என்றார். படத்தில் புட்டிக்குள் பாதிக்குக் கொஞ்சம் மேலேயே மருந்து தெரிந்தது. அதை வைத்து ஒரு கணக்கு போடலாம். ஒரு மில்லியில் ஏறக்குறைய 20 சொட்டு, பத்து மில்லியில் 200. டாக்டர் எழுதியது ஒரு நாளைக்கு மூன்று முறை, இரண்டு கண்ணிலும். நாளுக்கு ஆறு சொட்டு என்றால் புட்டி ஒரு மாதம் சொச்சத்தில் தீர்ந்துவிட வேண்டும். வெளியே வழிவதையும் சேர்த்தால் அதற்கும் முன்னாலேயே தீரும். பாதிக்கு மேல் மீதி என்றால் இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அல்லது நினைத்தபோது மட்டும் விட்டிருக்கிறார். "பில் இருக்கிறதா பாருங்கள்" என்றேன். இருந்தது, ஆகஸ்ட் 18 தேதி போட்டு. வாங்கிய அன்றே திறந்ததாக அம்மா ஒப்புக்கொண்டார். உறுத்தும்போது மட்டும் விட்டதாகவும் சொன்னார். திறந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. அதைத் தூக்கிப்போடச் சொன்னேன்.

"இன்னும் பாதி இருக்கே, தேதியும் இருக்கே" என்று அம்மாவுக்கு மனசு வரவில்லை. காசு கொடுத்து வாங்கியது, அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் புட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அழுத்தும்போது ஒரு சொட்டு வெளியே வருகிறது. விரலை விட்டதும் புட்டி பழைய வடிவத்துக்கு வர, வெளிக் காற்றை உள்ளே இழுக்கிறது. முனை இமை முடியில் பட்டிருந்தால், அங்கே ஒட்டியிருக்கும் ஈரமும் அதோடு உள்ளே போகிறது. கண்ணில் விடும்போது முனை எங்கேயும் படாமல் விடுகிறவர்கள் நான் பார்த்தவரை குறைவு. வயதானவர்களுக்குக் கை நடுங்கும், அது இன்னும் கஷ்டம். இப்படி உள்ளே போகும் கிருமியைச் சமாளிக்கத்தான் மருந்தில் பதப்பொருள் சேர்க்கிறார்கள். லேபிளில் அதன் பெயரும் அளவும் இருக்கும். பென்சால்கோனியம் குளோரைடு என்பது அதிகம் பார்க்கக் கிடைப்பது. அது அளவோடு சேர்த்தது, ஏனென்றால் கூடினால் கண்ணையே அரிக்கும். நாளுக்கு நாள் புதுக் கிருமி உள்ளே வந்துகொண்டே இருந்தால் அது தடுக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. இன்னொன்று, கெட்டுப்போன மருந்து கலங்கித்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். கிருமி சேர்ந்த பிறகும் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம். ஆகவே "படத்தில் பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்ற பதிலை நான் யாருக்கும் சொல்வதில்லை.

பதப்பொருள் வரியைப் படிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. 2022-23-ல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்தோடு தொடர்புடைய சூடோமோனாஸ் தொற்று பரவியது. மருந்துகளுக்கு எளிதில் அடங்காத வகைக் கிருமி அது. 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். 14 பேர் பார்வை இழந்தார்கள், நான்கு பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று, நான்கு பேர் இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் சென்னைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தொழிற்சாலையில். அங்கே தேதி தாண்டியதல்ல பிரச்சினை. பலமுறை திறந்து மூடும் புட்டியில் போதுமான பதப்பொருள் இல்லாமல் விற்றதை, கண்ட குறைகளில் ஒன்றாக அமெரிக்க மருந்து நிர்வாகம் சொன்னது. பதப்பொருள் இல்லாத மருந்தே தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. ஒருமுறை மட்டும் விடும் சின்னக் குப்பிகளில் அது வருகிறது. அந்தக் குப்பியைத் திறந்த உடனே விட்டு, மீதியைக் கொட்டிவிட வேண்டும். காற்று உள்ளே போகாத தனிவகைப் புட்டிகளும் உண்டு. அவற்றில் திறந்த பிறகான காலம் ஒரு மாதத்துக்கு மேலும் இருக்கலாம், அதில் அச்சிட்டதே கணக்கு. குப்பியை மூடி வைத்து மறுநாளும் விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

கான்டாக்ட் லென்ஸ் கரைசல் புட்டிக்கும் இதே இரட்டைக் கணக்குதான். திறந்த பிறகு 90 நாள் என்று சிலவற்றில் போட்டிருக்கும், சிலவற்றில் வேறு எண் இருக்கும். பொதுவாக ஒரு எண்ணைச் சொல்லி உங்களைக் குழப்ப நான் விரும்பவில்லை. புட்டியைப் பார்த்துச் சொல்வதே சரி. வெளிநாட்டுப் புட்டியில் காலாவதி தேதிக்குப் பக்கத்தில் மணற்கடிகாரம் போல ஒரு படம் இருக்கும், அதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

லென்ஸ் போடுகிறவர்கள் அனுப்பும் படங்களில் எனக்குக் கவலை தருவது வேறு. ஊருக்குப் போவதற்காகப் பெரிய புட்டியிலிருந்து ஒரு சின்னப் புட்டிக்கு ஊற்றி எடுத்துப் போவார்கள். அதில் பெயர் இல்லை, தேதி இல்லை, எதுவும் இல்லை. வெறும் உப்புக் கரைசலா, கிருமி நீக்கும் கரைசலா, ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளதா என்பது யாருக்கும் தெரியாது. பெராக்சைடு கரைசலை அதற்குரிய டப்பாவில் சொன்ன நேரம் ஊறவைத்துச் செயலிழக்க வைக்காமல் கண்ணில் பட்டால் தாங்க முடியாத எரிச்சல். அதனால்தான் அதன் முனையைச் சிவப்பாக வைத்திருப்பார்கள். சின்னப் புட்டிக்கு மாற்றினால் அந்தச் சிவப்பும் காணாமல் போய்விடுகிறது. மாற்றிய புட்டி கிருமியில்லாதது என்றும் சொல்ல முடியாது. பயணத்துக்கென்றே சின்ன அளவில் விற்பதை வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, புதுப் புட்டியைத் திறக்கும்போது என்ன செய்வது? தேதியை எழுத வேண்டும். அட்டைப்பெட்டியில் எழுதினால் பயனில்லை, பெட்டி முதலில் குப்பைக்குப் போகும், அல்லது வேறு புட்டி அதற்குள் போய் உட்காரும். புட்டியின் காகித லேபிளில், அச்சிட்ட தேதி மறையாத இடத்தில் எழுதுங்கள். என் யோசனை, திறந்த தேதியை எழுதுவதைவிடத் தூக்கிப்போட வேண்டிய தேதியை எழுதுவது நல்லது. நவம்பர் 5-ல் திறந்தால் "டிசம்பர் 4 வரை" என்று. வயதானவர்கள் அதற்கு மேல் எதையும் கணக்குப் போட வேண்டாம். படம் அனுப்பினாலும் அந்த வரி படத்திலேயே தெரியும். க்ளாக்கோமாவுக்கு விடும் லட்டானோபிராஸ்ட் போன்ற சிலவற்றைத் திறக்கும்வரை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லியிருப்பார்கள். அவற்றை வாங்கும்போதே கடைக்காரர் எங்கிருந்து எடுத்துத் தருகிறார் என்று பாருங்கள்.

இரண்டு தேதியும் சரியாக இருந்தாலும், அந்த மருந்து இந்தக் கண்ணுக்கு இப்போது ஏற்றதா என்பதைப் படம் சொல்லாது. போன வருடம் சிவந்த கண்ணுக்கு ஸ்டீராய்டு கலந்த சொட்டு கொடுத்திருப்பார்கள். இந்த வருடச் சிவப்பு வைரஸால் வந்த கருவிழிப் புண்ணாக இருந்தால் அதே மருந்து புண்ணைப் பெரிதாக்கிவிடும். வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம், பார்வை மங்கல், லென்ஸ் போடுகிறவருக்குக் கண் சிவப்பு, இதில் எது இருந்தாலும் புட்டியைப் படம் பிடித்து யாருக்கும் அனுப்பிக் காத்திருக்காதீர்கள். லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். அப்போது மட்டும் பழைய புட்டியைத் தூக்கிப்போட வேண்டாம். விட்ட மருந்து, கரைசல் புட்டி, லென்ஸ், லென்ஸ் டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். தேவைப்பட்டால் அதிலிருந்து மாதிரி எடுத்து, எந்தக் கிருமி என்று கண்டுபிடிப்பார்கள்.

நன்றி, வணக்கம்.