கோடு போட்ட பிறகும் முதல் பெயர்தான்

வணக்கம். என் தம்பி மகளைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். அப்பா தமிழர், அம்மா கன்டனீஸ் சீனர். பள்ளியில் யாரோ "நீ என்ன இனம்?" என்று கேட்டார்களாம். "அப்பத்தா வீட்டில் தமிழ், போபோ வீட்டில் சீனம், எங்கள் வீட்டில் ரெண்டும்" என்றாள். போபோ என்றால் கன்டனீஸில் அம்மாவின் அம்மா. கேட்டவர், "சரி, ஆனால் உண்மையில் நீ என்ன?" என்று திரும்பவும் கேட்டிருக்கிறார். "ரெண்டும்" என்ற பதில் ஏன் போதவில்லை என்று அவளுக்குப் புரியவே இல்லை.

சிங்கப்பூரின் படிவங்கள் நெடுங்காலம் சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்ற நான்கு பெட்டிகளோடுதான் இருந்தன. கலப்புக் குழந்தைக்குப் பொதுவாக அப்பாவின் இனத்தைப் போடுவார்கள். 2011 ஜனவரி முதல் இரட்டை இனம் பதிவு செய்யலாம் என்றானது: இந்தியர்-சீனர் அல்லது சீனர்-இந்தியர். நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த நடுக்கோட்டுக்கு எந்தப் பக்கம் எது நிற்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இனத்தைப் பார்த்து நடக்கும் கொள்கைகள் முதலில் வரும் பெயரைத்தான் எடுத்துக்கொள்கின்றன. அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவக கட்டும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1989 முதல் ஒவ்வொரு பேட்டைக்கும் புளோக்குக்கும் இன விகிதம் உண்டு. இந்தியர், மற்றவர் பிரிவுக்கு ஒரு புளோக்கில் 15 விழுக்காடு உச்சவரம்பு. நூறு வீடுள்ள ஒரு புளோக்கில் பதினைந்தும் நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு சீனர் தன் வீட்டை விற்க வருகிறார். அடையாள அட்டையில் 'இந்தியர்-சீனர்' என்றிருக்கும் இளைஞர், தன் பெயரில் தனியாக அதை வாங்க முடியாது, எண்ணிக்கை பதினாறாகிவிடும். அதே பெற்றோருக்குப் பிறந்த தங்கையின் அட்டையில் 'சீனர்-இந்தியர்' என்றிருந்தால், சீனர் வீட்டைச் சீனர் வாங்கியதாகவே கணக்கு. அவர் தாராளமாக வாங்கலாம். அண்ணன் அந்த புளோக்கிலேயே வாங்க வேண்டுமென்றால் அதே பிரிவைச் சேர்ந்த ஒருவர் விற்க வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்!

கணக்கு எடுப்பவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு ஆளை இரண்டு இடத்தில் எண்ணினால் விகிதமே பிசகும், பாதி ஆள் என்றும் எண்ண முடியாது. ஒரே இனம் ஓரிடத்தில் குவியாமல் தடுக்க வந்த ஏற்பாட்டுக்கு ஒரு முழு எண் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரசவமான சில நாளில், களைப்போடு படிவம் நிரப்பும் பெற்றோர் முப்பது வருஷம் கழித்து வரும் வீட்டு வியாபாரத்தையா நினைக்கப் போகிறார்கள்? என் தம்பி, வாயில் சரளமாக வந்த வரிசையில் எழுதிவிட்டு வந்தான்.

இன்னொன்று: பெயர்கள் இரண்டுக்கு மேல் போகாது. இந்தப் பெண் நாளை ஒரு மலாய்க்காரரை மணந்தால், அவர்கள் பிள்ளையின் பதிவிலிருந்து அப்பத்தாவோ போபோவோ மலாய்ப் பாட்டியோ, யாராவது ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும்.