முகவர் “முடிந்த கதை” என்றால் முடிந்துவிடாது: காப்புறுதி நிராகரிப்புக் கடிதத்தை வாசிக்கும் முறை

கேள்வி: “அண்ணா, அப்பா காலில் புண் வந்து வார்ட்டில் ஒன்பது நாள் இருந்தவர். காப்புறுதிக் காசு தர ஏலாது என்று கம்பனி ஆங்கிலத்தில் கடிதம் அனுப்பியிருக்கிறது. முகவரிடம் கேட்டால் ‘அது முடிந்த கதை’ என்கிறார். என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள், இனி ஏதாவது செய்யலாமா?” – தருமபுரத்திலிருந்து ஒரு தங்கச்சி.

தங்கச்சி, நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய கடிதத்தை நேற்று இரவு இரண்டு தடவை வாசித்தேன். “முடிந்த கதை” என்ற அந்தச் சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கோரிக்கைப் பிரிவில் இருந்து இப்படியான கடிதங்களைத் தட்டச்சு செய்த ஆள். கடிதம் போன பிறகும் திறந்த கோப்புகளை என் கையாலேயே எடுத்து வைத்திருக்கிறேன். முகவருக்கு அந்த மேசை தெரியாது. அவருடைய வேலை பொலிசி விற்பதோடு முடிகிறது.

வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு என் இரண்டு நிறப் பேனை ஞாபகம் இருக்கும். டிராக்டர் விபத்துக் கடிதத்துக்குச் செய்ததையே இதற்கும் செய்வோம். கடிதத்தில் விதி எங்கே இருக்கிறதோ அங்கே சிவப்புக் கோடு, சம்பவம் எங்கே இருக்கிறதோ அங்கே நீலக் கோடு. நிராகரிப்புக் கடிதம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் உள்ளே இருப்பது இந்த இரண்டும்தான்: “பொலிசியில் இப்படி ஒரு விதி இருக்கிறது”, “உங்களுடைய சம்பவம் அந்த விதிக்குள் விழுகிறது”. விதியை நாங்கள் மாற்ற முடியாது. சம்பவம் சரியா என்று கேட்கலாம்.

முதலில் மேலே இருக்கும் “விதவுட் பிரெஜுடிஸ்” என்ற வரி. அதைப் பார்த்து வழக்குப் போட்டுவிட்டார்களோ என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். அப்படி எதுவும் இல்லை. இந்தக் கடிதம் எழுதியதால் தங்களுடைய மற்ற உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை என்று கம்பனி சொல்லி வைக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு காரணத்தை அவர்கள் பிறகும் எடுக்கலாம் என்பதால் அந்த வரியை மறக்கவும் வேண்டாம். “ரிப்பியூடியேட்” என்று ஒரு சொல் வருகிறது. பொறுப்பை ஏற்க மறுக்கிறோம் என்று அர்த்தம்.

இப்போது சிவப்புக் கோடு. மூன்றாவது பந்தியில் “பிரீ எக்ஸிஸ்டிங் கண்டிஷன்” என்றும், பக்கத்தில் விதி இலக்கம் 4.2 என்றும் போட்டிருக்கிறார்கள். பொலிசி தொடங்கும் முன்பே இருந்த நோய் என்று அர்த்தம். அப்பாவின் சீனி வியாதியைத்தான் கம்பனி அப்படிச் சொல்கிறது. கடிதத்தில் அந்த விதியின் அரை வரிதான் இருக்கிறது. முழுவதும் பொலிசிப் புத்தகத்தில் இருக்கும். அலுமாரியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு புத்தகம் கிடக்கும், அதை எடு. 4.2 ஐ மட்டும் பார்த்துவிட்டு மூடாதே. முன்பக்கங்களில் சொற்களுக்கு விளக்கம் கொடுத்திருப்பார்கள், அதில் “பிரீ எக்ஸிஸ்டிங்” என்பதற்கு எழுதியிருப்பதைத் தேடு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும், ஏனென்றால் எல்லாக் கம்பனியும் ஒரே மாதிரி எழுதுவதில்லை. சில பொலிசிகளில் “தொடங்கும் முன் கண்டறியப்பட்ட அல்லது சிகிச்சை பெற்ற நோய்” என்று இருக்கும். அப்படியென்றால் முதல் முதலாக எந்தத் தேதியில் டொக்டர் சீனி வியாதி என்று சொன்னார் என்பதுதான் கேள்வி. வேறு சில பொலிசிகளில் “தெரிந்தோ தெரியாமலோ இருந்த நோய்” என்று இருக்கும். அது கடினம். சீனி வியாதி வெளியே தெரியாமல் உடம்பில் வருடக்கணக்காக இருக்கக்கூடியது. அந்த வாசகம் இருந்தால் கிளினிக் கொப்பியில் உள்ள தேதி மட்டும் போதாது. பொலிசி தொடங்கிய காலத்தில் இரத்தத்தில் சீனி சரியாக இருந்தது என்று காட்டும் ரிப்போர்ட் வேண்டும்.

அடுத்தது நீலக் கோடு. “நோயாளிக்கு ஐந்து வருடமாகச் சீனி வியாதி இருப்பதாக ஆஸ்பத்திரிப் பதிவு காட்டுகிறது” என்ற ஒரே ஒரு வரிதான். கம்பனியின் முழுக் கட்டிடமும் அந்த ஒரு கல்லில் நிற்கிறது. கணக்கைப் பார். அப்பா வார்ட்டில் சேர்ந்தது 2024 நவம்பர். ஐந்து வருடம் பின்னுக்குப் போனால் 2019. பொலிசி தொடங்கியது 2023 மார்ச். “ஐந்து வருடம்” உண்மையென்றால் கம்பனி சொல்வது சரி. பிழையென்றால் அவர்கள் கையில் இப்போது வேறெதுவும் இல்லை.

இந்த ஐந்து வருடத்தை யார் சொன்னது? பதிவு என்று அவர்கள் சொல்வது பெட் ஹெட் ரிக்கற், கட்டிலோடு இருக்கும் அந்தக் கோப்பு. ஆளைச் சேர்க்கும்போது இளம் டொக்டர் ஒருவர் “வேறு என்ன வருத்தம், எவ்வளவு காலமாக?” என்று கேட்பார். நோயாளியோ பக்கத்தில் நிற்பவரோ சொல்வதைத்தான் அவர் எழுதுகிறார். அது விசாரித்து எழுதுவது, சோதித்துக் கண்ட முடிவு இல்லை.

எங்கள் பெரியம்மாவைச் சேர்த்த இரவு எனக்கு நல்ல ஞாபகம். மாங்குளம் பக்கமிருந்து ஓட்டோவில் கொண்டுபோனோம், நேரம் பன்னிரண்டு தாண்டிவிட்டது. பிரஷர் எவ்வளவு காலம் என்று டொக்டர் கேட்டார். கூட வந்த மருமகன் “அது கனகாலமாய் இருக்கு, ஒரு பத்து வருசம் இருக்கும்” என்றான். பெரியம்மாவின் தலைச்சுற்று பழையது, அதை நினைத்துச் சொல்லிவிட்டான். பிரஷர் குளிசை போடத் தொடங்கி அப்போது இரண்டு வருடமும் ஆகவில்லை. பத்து வருடம் என்றே டயக்னோசிஸ் கார்ட்டிலும் ஏறியது. அவன் பொய் சொல்லவில்லை. பயத்தில் ஒரு இலக்கம் சொன்னான். அந்த இலக்கத்தைத் திருத்த எங்களுக்கு நான்கு மாதம் பிடித்தது.

அதனால் தங்கச்சி, அப்பாவைச் சேர்த்த அன்று கூட நின்றது யார் என்று முதலில் கேள். பிறகு அப்பாவின் கிளினிக் கொப்பியைத் தேடு. முதல் பக்கத்தில் பதிந்த தேதி இருக்கும். உன் குரல் பதிவில் “போன வருடம் மாசி மாதம்தான் கிளினிக்குக்குப் போகத் தொடங்கினவர்” என்று சொல்லியிருந்தாய். அது 2024 பெப்ரவரியாக இருந்தால், பொலிசி தொடங்கிப் பதினொரு மாதத்துக்குப் பிறகு. 2022 இல் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவசமாகச் சீனி, பிரஷர் பார்க்கிற அரச நிலையத்துக்கும் அப்பா போனார் என்றாய். அந்தச் சின்ன அட்டை கிடைத்தால் அதுதான் உன் பெரிய சாட்சி. வெறுவயிற்றுச் சீனி 126 ஐ எட்டினால்தான் சீனி வியாதி என்று எடுப்பார்கள். அட்டையில் 96 என்று இருந்ததாக நீ சொல்வது சரியென்றால், 2019 இலிருந்து சீனி வியாதி என்ற வரி அதோடு ஒத்துப்போகாது. விளக்கத்தில் “தெரிந்தோ தெரியாமலோ” என்று இருந்தாலும் இந்த அட்டை பேசும்.

ரிக்கற்றைத் திருத்தித் தரச் சொல்லி ஆஸ்பத்திரியில் நிற்காதே. எழுதிய பதிவில் கை வைக்க மாட்டார்கள், வைக்கவும் கூடாது. ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கு அப்பாவின் கையெழுத்தோடு கடிதம் கொடுத்து, பதிவின் பிரதியைக் கேள். பிறகு கிளினிக் டொக்டரிடம், சீனி வியாதி முதலில் எந்தத் தேதியில் கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு கடிதம் கேள். அவர் அந்தத் தேதியை எழுதினால் போதும். கம்பனியைப் பற்றி அவர் எதுவும் எழுதத் தேவையில்லை.

இனி மேன்முறையீடு. முதல் படி கம்பனிதான். உள்ளூர்க் கிளையில் வாயால் சொல்லிவிட்டு வந்தால் கோப்பில் ஒன்றும் ஏறாது. தலைமை அலுவலகத்தில் முறைப்பாடுகளைப் பார்க்கிற அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் போடு. தமிழில் எழுதலாம். பொலிசி இலக்கம், கோரிக்கை இலக்கம், நிராகரித்த தேதி எழுதி, “4.2 ஐப் பயன்படுத்த நீங்கள் காட்டிய ‘ஐந்து வருடம்’ என்ற தகவல் பிழை, ஆதாரம் இத்துடன்” என்று சொல். நீங்கள் நம்பிய ஆவணத்தின் பிரதியைத் தாருங்கள் என்றும் கேள். வார்ட்டில் இருந்த ஒரு நாளைக்கு 5,000 படி ஒன்பது நாளுக்கு 45,000 ரூபாய் என்பதையும் எழுது. அப்பா கஷ்டப்பட்ட கதையை அதில் எழுதாதே. எனக்கு அது விளங்குகிறது, ஆனால் கோப்பைப் பார்ப்பவர் தேதியைத்தான் தேடுவார். மூலப் பிரதியை அனுப்பாதே, போட்டோக் கொப்பி போதும். தபால் பற்றுச்சீட்டைக் கடிதத்தோடு குத்தி வை.

அவர்கள் திரும்பவும் மறுத்தால், அல்லது பதிலே போடாவிட்டால், கொழும்பில் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், கம்பனிக்கும் எங்களுக்கும் நடுவில் நின்று முறைப்பாட்டை விசாரிப்பவர். 2005 இலிருந்து இந்த அலுவலகம் இருக்கிறது, பணம் கட்டத் தேவையில்லை. கம்பனிக்கு முதலில் எழுதிய ஆதாரத்தைக் கேட்பார்கள்; பற்றுச்சீட்டைக் குத்தி வைக்கச் சொன்னது அதற்குத்தான். நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட விஷயத்தை அவர் எடுக்க மாட்டார், ஆகவே ஒழுங்கை மாற்றிவிடாதே. அவர் சொல்லும் முடிவு உங்களுக்குச் சரிவராவிட்டால் அதற்குப் பிறகும் நீதிமன்றம் போகலாம். கம்பனி நடந்துகொண்ட விதத்தைப் பற்றி முறையிட, 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காப்புறுதிக் கம்பனிகளை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் கொழும்பில் இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: பொலிசியின் கடைசிப் பக்கங்களில், மறுத்த நாளிலிருந்து இத்தனை மாதத்துக்குள் வழக்குப் போடவேண்டும் என்று ஒரு வரி இருக்கக்கூடும். பன்னிரண்டு மாதம் என்று போட்டவற்றை நான் பார்த்திருக்கிறேன். உன் கடிதத்தின் தேதியைக் கலண்டரில் வட்டமிடு.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும், உண்மையில் எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்டிருக்கவேண்டும். பொலிசிப் புத்தகத்தின் பின்னால், பொலிசி எடுக்கும்போது நிரப்பிக் கொடுத்த முன்மொழிவுப் படிவத்தின் பிரதி இருக்கும். “சீனி, பிரஷர், இருதய வருத்தம் உண்டா?” என்ற கேள்விகளுக்கு வரிசையாக “இல்லை” என்று சரி போட்டிருக்கும். அதைப் போட்டது அப்பாவா, முகவரா? விசுவமடுவிலும் பரந்தனிலும் நான் பார்த்த படிவங்களில் பாதிக்கு மேல் முகவரின் கையெழுத்தில்தான் நிரப்பியிருந்தன, கீழே மட்டும் வீட்டுக்காரரின் ஒப்பம். கம்பனி நாளைக்கு “தகவலை மறைத்தீர்கள்” என்று வேறொரு காரணம் எடுத்தால் அந்தத் தாளைத்தான் நீட்டும். “விதவுட் பிரெஜுடிஸ்” என்று மேலே போட்டது ஞாபகம் இருக்கிறதுதானே? அங்கே கேள்வி வேறு: கையெழுத்து வைத்த நாளில் அப்பாவுக்கு என்ன தெரியும்? கிளினிக் கொப்பியும் அந்த 96 உம் அதற்கும் உதவும்.

இதைப் பார்க்கிற மற்றவர்கள் இன்று இரவே அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிழையான பதில் இருந்தால் கம்பனிக்கு இப்போதே எழுதித் திருத்துங்கள். வருத்தம் வந்த பிறகு திருத்தினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

தங்கச்சி, நீ எனக்கு இன்னும் இரண்டு படம் அனுப்பவேண்டும்: கிளினிக் கொப்பியின் முதல் பக்கம், பொலிசியில் “பிரீ எக்ஸிஸ்டிங்” என்பதற்கு விளக்கம் கொடுத்த பக்கம். அப்பாவின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் விரலால் மறைத்துப் படம் எடு.