மாதம் ஒருமுறை மரத்தைத் தொடு

நடுவர் கேட்ட கேள்வி: “நம்ம காலனி மரநடு விழாவுக்குத் தட்டியில் எதை எழுதலாம்? ‘மாதம் ஒரு மரம் நடு’ என்றா, ‘மாதம் ஒருமுறை மரத்தைத் தொடு’ என்றா?”

நடுவர் அவர்களே, கொழிஞ்சாம்பாறைச் சொந்தங்களே, வணக்கம். நான் ‘தொடு’ கட்சி.

எதிரணி வாத்தியார் ஐயா, “நிறைய நட்டால் நிறையப் பிழைக்கும்” என்றார். எடவப்பாதி மழையில் நட்டால் அது சரி. ஆனால் மாதம் ஒன்று என்றால் தை மாதமும் வருமே? பாலக்காட்டுக் கணவாயில் அப்போது கிழக்கிலிருந்து அடிக்கிற காற்றில் கொடியில் போட்ட ஈரத்துணி எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். வேர் இன்னும் பைமண்ணைத் தாண்டாத கன்று அந்தக் காற்றை எப்படித் தாங்கும்? நடுவதற்கு மழையைத்தான் பார்க்க வேண்டும், காலண்டரை அல்ல.

சரி, தொட்டு என்ன செய்வது? எங்கள் மூன்றாவது சந்தின் புங்கனைச் சொல்கிறேன். ஒரு ஜூன் 5 அன்று நட்டோம். காற்றுக்குச் சாயாமலிருக்க மூங்கில் குச்சி ஊன்றி, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். அப்புறம் தண்ணீர் ஊற்றியதோடு சரி, யாரும் குனிந்து பார்க்கவில்லை. அடுத்த வருடம் இலை மஞ்சளாகிக்கொண்டே வந்தது. உரம் போட்டோம். ஒருநாள் காற்றில் கயிறு இருந்த இடத்திலேயே ஒடிந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தால் கயிறு பட்டைக்குள் புதைந்திருக்கிறது. அதற்கு மேலே தண்டு பருத்து உருண்டிருக்கிறது, கீழே ஒல்லியாகவே நிற்கிறது. இலை சமைத்த சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்க வேண்டும். அந்த வழியை நாங்களே நெரித்துவிட்டோம். எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதனால்தான் கேட்கிறேன்: மாதத்தின் முதல் ஞாயிறு, வீட்டுக்கு ஒருவர், தன் மரத்தடிக்குப் போய்க் கயிற்றுக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு விரலை விடுங்கள். விரல் தாராளமாக நுழைந்தால் திரும்பி வரலாம். நுழையாவிட்டால் அவிழ்த்து, பழைய சேலைத் துணியால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். ஒரு வருடம் ஆனதும் கட்டை அவிழ்த்துப் பாருங்கள். தானாக நின்றால் குச்சியையே எடுத்துவிடலாம், ஆடி ஆடித்தான் தண்டு பருக்கும்.

முன்வரிசையில் ஒரு அக்கா, “என் முருங்கைக்குக் கயிறே இல்லை, கம்பளிப்பூச்சிதான், தொடவே முடியாது” என்கிறார். அக்கா, பூச்சி இருந்தால் கை வைக்காதீர்கள். அதற்கு வேறு வழி பார்ப்போம்.

இன்னொருவர், “மாதம் ஒரு தடவை தண்ணீர் ஊற்றினால் போதுமா?” என்று கேட்டார். போதாது அண்ணா. நான் சொன்னது தண்ணீருக்கான கணக்கே இல்லை. கோடையில் முதல் வருடக் கன்றுக்கு வாரம் ஒருமுறையாவது மண் ஆழமாக நனைய வேண்டும். லாரித் தண்ணீர் வாங்குகிற நாட்களில் அந்தக் குடம் யார் வீட்டிலிருந்து வரும் என்பதற்கு என்னிடமும் பதில் இல்லை, எதிரணியிடமும் இல்லை. மாசி பிறப்பதற்குள் காலனிக் கூட்டத்தில் அதை மட்டும் தனியாக எடுத்துப் பேச வேண்டும்.