யார்டில் நனைந்த சாரம்: நட்டம் யாருக்கு?

மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஏற்றிய கொண்டெய்னர் ஒன்று கொழும்புத் துறைமுக யார்டில் கிடக்கிறது. கப்பல் வர இன்னும் மூன்று நாள். இரண்டாம் நாள் கிரேன் இடித்துக் கூரை கிழிகிறது, அன்றிரவே மழை. 20,000 டொலர் சரக்கு நனைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நட்டம் மருதமுனை வியாபாரிக்கா, ஹம்பேர்க்கில் வாங்கியவருக்கா?

வணக்கம் உறவுகளே. விலைப்பட்டியலில் எழுதிய மூன்று எழுத்துதான் இதைத் தீர்மானிக்கும். அந்த எழுத்துகளுக்கான விதிகள்தான் சர்வதேச வர்த்தக சபையின் இன்கோடெர்ம்ஸ். இப்போது நடப்பில் இருப்பது 2020 பதிப்பு.

நம்மவர்கள் பழக்கத்தில் எழுதுவது எஃப்.ஓ.பி. கொழும்பு. அதில் சரக்கு கப்பலுக்குள் ஏறும் வரை செலவும் ஆபத்தும் விற்பவருக்கு. ஒலுவிலில் துறைமுகம் இருந்தும் நம் கொண்டெய்னர் கொழும்புக்குத்தான் போகிறது. 300 கிலோமீட்டருக்கு மேல் லொறிக் கூலி, சுங்க வேலை, யார்டில் காத்திருக்கும் நாட்கள், எல்லாம் அவர் தலையில். யார்டுக்குள் போன பெட்டியை அவரால் தொட்டுப் பார்க்கக்கூட முடியாது. ஆனாலும் நனைந்தால் நட்டம் அவருக்கே. யார்டிடம் நட்டஈடு கேட்கலாம், அதற்கும் அவர்தான் அலைய வேண்டும். எனக்கு இது கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

இதே சரக்கை எஃப்.சி.ஏ. என்று விற்றிருந்தால்? லொறி யார்டுக்கு வந்து, இறக்கத் தயாராக, வாங்குபவர் ஏற்பாடு செய்த கப்பல் கம்பனியின் கையில் சரக்கு வந்துவிட்டாலே ஆபத்து வாங்குபவருக்கு மாறிவிடும். அந்த மழையின் நட்டம் ஹம்பேர்க்காரருக்கு. யார்டுக் கூலியும் பொதுவாக அவர் பக்கம் போகும், அதனால் உங்கள் விலையை அந்த அளவுக்குக் குறைத்துச் சொல்ல வேண்டும். கொண்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி. பொருந்தாது, எஃப்.சி.ஏ. போடுங்கள் என்று அந்தச் சபையே சொல்கிறது.

சரி, பிறகு ஏன் எஃப்.ஓ.பி.யை விடமாட்டேன் என்கிறார்கள்? வாங்குபவருக்காகப் பணம் தருவதாக உறுதி சொல்லும் எல்.சி. கடிதத்தைக் கொடுத்த வங்கி, "கப்பலில் ஏற்றியாயிற்று" என்று குறித்த பில் ஒஃப் லேடிங், அதாவது கப்பல் கம்பனி தரும் சரக்குச் சீட்டு, கேட்கும். 2020 பதிப்பில் இதற்கும் வழி இருக்கிறது. அந்தக் குறிப்புள்ள பில்லைக் கொடுக்கும்படி வாங்குபவர் கப்பல் கம்பனிக்குச் சொல்வார் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

சி.ஐ.எஃப். இன்னும் விசித்திரம். ஹம்பேர்க் வரைக்கும் கூலியும் காப்புறுதியும் விற்பவர் கட்டுவார், ஆனால் ஆபத்து மாறுவது கொழும்பில் கப்பலில் ஏறும்போதே. அவர் எடுக்க வேண்டியது விலையின் 110 சதவீதத்துக்கு, அதாவது 22,000 டொலருக்கு, 'சி' வகைக் காப்புறுதி மட்டும். கப்பல் மூழ்கினால் அது பணம் தரும். மழை நனைத்தாலோ கடல் நீர் உள்ளே புகுந்தாலோ தராது. துணி விற்கிறவர் வாங்குபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லி, இதைவிட அதிக ஆபத்துகளை ஏற்கும் 'ஏ' வகை வேண்டுமா என்று கேட்டுவிடுவதுதான் மரியாதை.

எஃப்.சி.ஏ. எழுதும்போது கொழும்பு என்று மட்டும் போடாமல் எந்த யார்டு என்பதையும் எழுதுங்கள். உங்கள் கடைசி விலைப்பட்டியலை எடுத்துப் பார்த்து, அதில் எந்த மூன்று எழுத்து இருந்தது என்று கீழே சொல்லுங்கள்.